மாடியில் மூன்று கிலோவாட்: ஒரு சோலார் நிறுவனம் சொன்னதும் செய்ததும்

சோலார் விற்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, “இனிமே உங்களுக்குக் கரண்ட் பில்லே வராது.” அது பெரும்பாலும் பொய்யில்லை. தமிழ்நாட்டில் ஓரளவு சரியாகப் போட்ட மூன்று கிலோவாட் சோலார், நடுத்தர வீட்டின் பில்லைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். ஆனால் பில் பூஜ்யமாவதும், போட்ட பணம் சொன்ன காலத்தில் திரும்புவதும் இரண்டு தனித்தனிக் கணக்குகள். முதல் கணக்கைக் காட்டி இரண்டாவதை நம்ப வைப்பதில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

மதுரையின் புறநகரில் என் அக்கா வீட்டு மாடியில் ஒரு நிறுவனம் போட்டுக்கொடுத்த சோலாரைக் கொட்டேஷனிலிருந்து சர்வீஸ் வரை கூட இருந்து பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அது நல்ல நிறுவனமும் இல்லை, மோசடி நிறுவனமும் இல்லை. ஊருக்குப் பத்து இருக்கும் சராசரி ரகம். அதனால்தான் அதைப் பற்றி எழுதுவதில் பயன் இருக்கிறது.

அக்கா வீட்டில் நான்கு பேர். ஒரு ஏ.சி., ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், போர் மோட்டார். இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 700 யூனிட். மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்கினோம். முதலாவது, ஒரே வரியில் “3 கிலோவாட் சோலார், அனைத்து உபகரணங்களுடன்” என்று போட்டு, மானியம் போக ஒரு விலையைக் கொட்டை எழுத்தில் காட்டியது. இரண்டாவது, வீட்டைப் பார்க்காமலே ஐந்து கிலோவாட்டுக்கு மூன்று லட்சம் கேட்டது. மூன்றாவது கொட்டேஷனில் பேனல் என்ன கம்பெனி, எத்தனை வாட், எத்தனை எண்ணம், இன்வெர்ட்டர் மாடல், கேபிள், ஸ்டாண்டின் உயரம், எர்த் குழி எத்தனை என்று வரி வரியாக இருந்தது. மூன்று கிலோவாட்டுக்கு மொத்தம் 1,95,000 ரூபாய். அந்த நிறுவனத்தைத்தான் தேர்ந்தெடுத்தோம். கொட்டேஷன் எழுதிய விதத்துக்காக அவர்களுக்கு முழு மதிப்பெண் தரலாம்.

மானியம் போக விலை காட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரதமர் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. அதில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய், ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். நாலு போட்டாலும் பத்து போட்டாலும் அதே 78,000தான். இந்தப் பணம் நிறுவனத்துக்குப் போவதில்லை. நெட் மீட்டர் மாட்டி, மின்வாரியம் சரிபார்த்த பிறகு வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. அதாவது, முழுத் தொகையையும் நாம்தான் முதலில் கட்ட வேண்டும். மானியம் வராமல் போனால் நஷ்டம் நமக்கு, நிறுவனத்துக்கு இல்லை.

அது வராமல் போக முக்கியமான காரணம் பேனல்தான். மானியம் வேண்டுமென்றால் செல்லும் பேனலும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். வியாபாரத்தில் இதை ‘டி.சி.ஆர். பேனல்’ என்கிறார்கள். வெளிநாட்டு செல்லை வைத்து இங்கே ஒட்டிய பேனல் விலை குறைவு, மின்சாரமும் ஒழுங்காகத்தான் வரும், மானியம் மட்டும் வராது. ஒரே அளவு சோலாருக்கு ஒருவர் மட்டும் ஆச்சரியமாகக் குறைத்துக் கேட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி “டி.சி.ஆரா?” என்பதுதான். பதிலை வாயால் வாங்காமல் கொட்டேஷனிலேயே எழுதி வாங்க வேண்டும். எங்கள் நிறுவனம் கேட்கும் முன்பே எழுதியிருந்தது. வேலை முடிந்ததும் பேனல்களின் வரிசை எண்களோடு சான்றிதழும் தந்தது.

வரியிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய கொட்டேஷனையே தேதி மாற்றி நீட்டுகிறார்களா என்று வரி வரியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி, சேமிப்பு என்று அவர்கள் காட்டிய கணக்கு. விற்பனைப் பிரதிநிதி அக்காவிடம் ஒரு தாளைக் கொடுத்து, “மேடம், வருஷத்துக்கு முப்பத்தஞ்சாயிரம் மிச்சம். மூணேகால் வருஷத்துல போட்ட காசு வந்துடும்” என்றார். ஒரு கிலோவாட் நாளுக்கு நாலு யூனிட் தரும், மூன்று கிலோவாட் பன்னிரண்டு யூனிட், வருடத்துக்கு 4,380 யூனிட், யூனிட் எட்டு ரூபாய் என்று பெருக்கியிருந்தார். உற்பத்திக் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மதுரை வெயிலுக்கு ஆண்டுச் சராசரியாக நாலு யூனிட் நியாயமான எண்தான். தவறு அந்த எட்டு ரூபாயில் இருக்கிறது.

தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த நூறுக்கு இரண்டு ரூபாய் சில்லறைதான். பிறகு 400 வரை நாலே முக்கால் ரூபாயை ஒட்டியும், 500 வரை ஆறரையை ஒட்டியும் போகும். 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த இரண்டு ரூபாய்ச் சலுகை போய்விடும். 500க்கு மேல் எட்டரை ரூபாய் அளவிலும், 600க்கு மேல் ஒன்பதரை ரூபாய் அளவிலும் ஏறும். இப்படிப் பார்த்தால் அக்காவின் 700 யூனிட்டுக்கு இரண்டு மாதத்துக்குச் சுமார் 3,850 ரூபாய் வருகிறது. வருடத்துக்கு 23,000 ரூபாய். கட்டுகிற பில்லே 23,000 ரூபாயாக இருக்கும்போது 35,000 ரூபாய் மிச்சமாவது எப்படி? அக்கா இதைத்தான் கேட்டாள். பிரதிநிதி, “கரண்ட் ரேட் வருஷா வருஷம் ஏறும்ல மேடம்” என்று சமாளித்தார்.

இதைவிடச் சுவாரசியமான விஷயம் ஒன்று இருக்கிறது. சோலார் யூனிட் பில்லின் மேற்படியிலிருந்துதான் கழியத் தொடங்கும். முதலில் ஒன்பதரை ரூபாய் யூனிட் போகும், பிறகு எட்டரை, பிறகு ஆறரை. கடைசியில் கழிவது இரண்டு ரூபாய் யூனிட். அதற்கும் கீழே இருப்பது இலவச யூனிட், அதைக் கழித்து ஒரு பைசா பயனில்லை. ஆகவே முதல் கிலோவாட்டுக்குக் கிடைக்கும் பலன் மூன்றாவது கிலோவாட்டுக்குக் கிடைப்பதில்லை.

அக்கா வீட்டுக்கே போட்டுப் பார்ப்போம். இரண்டு கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 480 யூனிட் வரும். 700இல் அது போக மிச்சம் 220. அதற்கு பில் 330 ரூபாய் அளவில் வரும். அதாவது, 3,850 ரூபாய் பில் இரண்டு கிலோவாட்டிலேயே 330க்கு இறங்கிவிட்டது. மூன்றாவது கிலோவாட்டின் வேலை அந்த 330ஐப் பூஜ்யமாக்குவது மட்டும்தான். வருடத்துக்கு வெறும் 2,000 ரூபாய். இரண்டு கிலோவாட்டுக்குச் சந்தையில் 1,40,000 ரூபாய் என்று வைத்து 60,000 மானியத்தைக் கழித்தால் கைப்பணம் 80,000. வருடத்துக்கு 21,000 மிச்சம் என்றால் நாலு வருடத்துக்குள் திரும்பிவிடும். மூன்று கிலோவாட்டுக்கு 1,17,000 ரூபாய், ஐந்து வருடம். அந்த இரண்டாவது கடைக்காரர் நீட்டிய ஐந்து கிலோவாட்டுக்கு மானியம் போக 2,22,000 ரூபாய். மிச்சமாவது அதே 23,000தான், ஏனென்றால் பில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. திரும்ப ஒன்பதரை வருடம் ஆகும். மீதமாகும் யூனிட்டை வாரியத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற பேச்சை நம்பிப் பேனலைக் கூட்டக் கூடாது. நெட் மீட்டரிங் நம் உபயோகத்தை ஈடுகட்ட வந்த ஏற்பாடு, வருமானத்துக்கு வந்தது இல்லை.

அப்படியானால் இரண்டே போதுமே என்று கேட்கலாம். போதும். அக்கா மூன்று போட்டதற்கு வேறு காரணம் இருந்தது. கோடையில் ஏ.சி. ஓடும் இரண்டு மாதத்தில் உபயோகம் 900 யூனிட்டைத் தொடுகிறது, மாப்பிள்ளை மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறார். அந்தப் பருவங்களில் மூன்றாவது கிலோவாட்டுக்கும் நல்ல வேலை இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உற்பத்தி குறைவதற்கும் அது ஈடுகொடுக்கும். தெரிந்தே எடுத்த முடிவு அது. இந்தக் கணக்கை நிறுவனம் தானாகச் சொல்லவில்லை என்பதுதான் குறை. கடந்த ஒரு வருடத்தின் ஆறு பில்களை வாங்கிப் பார்க்காமல் எத்தனை கிலோவாட் என்று சொல்கிற யாரையும் நம்ப வேண்டாம். இவர்கள் வாங்கிப் பார்த்தது ஒரே ஒரு பில், அதுவும் மே மாதத்தது.

பொருத்தும் வேலையைப் பொறுத்தவரை அவர்கள் கைகாரர்கள். 540 வாட் பேனல் ஆறு, துத்தநாக முலாம் பூசிய இரும்பு ஸ்டாண்ட், வடகம் காயப்போட மாடி வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்ததால் ஆள் உயரத்துக்கு மேல் தூக்கிய அமைப்பு. தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்து இடத்தை மாற்றினார்கள். ஒரே வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மூலையில் விழும் நிழல்கூட உற்பத்தியைக் கடித்துவிடும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. இடிதாங்கிக்கு ஒன்று, பேனல் பக்கம் ஒன்று, இன்வெர்ட்டர் பக்கம் ஒன்று என மூன்று எர்த் குழிகளையும் தனித்தனியாகவே தோண்டினார்கள். சில இடங்களில் ஒரே குழியில் மூன்று கம்பியையும் இறக்கிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. முதல் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் அக்கா போன் பண்ணி, “தம்பி, மாடியில வெயில் கொளுத்துது, வீட்டுல ஃபேன் ஓடலையே” என்றாள். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், வாரியத்தின் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த பாதுகாப்பு ஏற்பாடு அது. பழுதில்லை. ஆனால் விற்கும்போதே சொல்ல வேண்டிய செய்தி. கரண்ட் போகும் நேரத்துக்காகவே சோலார் வாங்குகிறவர்களுக்கு வேறு அமைப்பு வேண்டும், அதன் விலையும் வேறு.

உண்மையான சோதனை கோடை தொடங்கியபோது வந்தது. பன்னிரண்டு யூனிட் தந்த சோலார் ஒன்பதுக்கு இறங்கியது. தூசு என்றார்கள். கழுவினோம், மாறவில்லை. செயலியில் அன்றன்றைய வரைபடத்தைப் பார்த்தால் காரணம் பாதி தெரிந்துவிடும். மேகமில்லாத நாளில் அந்தக் கோடு காலையில் ஏறி, நண்பகலில் உச்சி தொட்டு, மாலையில் இறங்கும் ஒரே மேடாக இருக்க வேண்டும். தூசு என்றால் மேடு அப்படியே இருக்கும், உயரம்தான் குறையும். நிழல் என்றால் தினமும் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் பள்ளம் விழும். எங்கள் கோடு பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை சீப்புப் பல் போல விழுந்து விழுந்து எழுந்தது. இன்வெர்ட்டர் அணைவதும் சில நிமிடத்தில் மறுபடி கிளம்புவதுமாக இருந்தது. திரையில் காட்டிய பழுது, கிரிட் ஓவர் வோல்டேஜ்.

நிறுவனத்துக்குப் போன் போட்டால், “ஈ.பி. லைன்ல வோல்டேஜ் ஜாஸ்தி சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்று பதில் வந்தது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில், “சோலார் போட்டவங்களைக் கேளுங்க” என்றார்கள். இந்தப் பந்தாட்டம் சோலார் வீடுகளில் சகஜம். ஆனால் யார் சொல்வது சரி என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ள வழி உண்டு. நல்ல வெயில் நேரத்தில், ஒரே சமயத்தில், இன்வெர்ட்டரிலும் மீட்டர் போர்டிலும் வோல்டேஜை அளக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு இருந்து, அதுவே எல்லையைத் தாண்டியிருந்தால் வாரியத்தின் லைனில் பிரச்சினை. இன்வெர்ட்டரில் மட்டும் அதிகமாக இருந்தால் நடுவில் இருக்கும் கேபிளில் பிரச்சினை.

தெருவிலேயே இருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் அளந்து பார்த்தார். மீட்டரில் 248 வோல்ட், இன்வெர்ட்டரில் 254. அந்த இன்வெர்ட்டர் 253ஐத் தாண்டினால் அணையும்படி அமைத்திருந்தது. சோலார் மின்சாரம் வீட்டிலிருந்து வெளியே போக, லைனைவிடக் கொஞ்சம் அதிக வோல்டேஜில் தள்ள வேண்டும். கேபிள் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் அந்த ‘கொஞ்சம்’ கூடிப்போகும். இரண்டாவது மாடியிலிருந்து வாசல் மீட்டர் வரை முப்பது மீட்டருக்குப் போட்டிருந்தது இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள். கொட்டேஷனில் எழுதியிருந்தது ஆறு. சுவருக்குள் குழாயில் போய்விட்டதால் யாரும் பார்க்கவில்லை. ஆறு இருந்திருந்தால் வித்தியாசம் இரண்டு வோல்ட்டைச் சற்றுத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். மெல்லிய கேபிள் நண்பகலில் தினமும் மூன்று யூனிட்டைத் தின்றுகொண்டிருந்தது.

கொட்டேஷனில் அந்த ‘ஆறு’ எழுதியிருந்ததுதான் அக்காவைக் காப்பாற்றியது. கேபிளின் மேலே அச்சிட்டிருந்த அளவைப் படம் எடுத்து, கொட்டேஷன் வரியோடு சேர்த்து அனுப்பியதும் பதில் பேசும் தொனியே மாறியது. ஆனாலும் வரவில்லை. சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக்காரருக்கும் நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி ஒப்பந்தம் உண்டு. ஐந்து வருடப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. இயங்கத் தொடங்கும்போது செயல்திறன் விகிதம் குறைந்தது 75 சதவீதம் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அதைச் சுட்டிக்காட்டி, திட்டத்தின் இணையதளத்தில் புகார் பதிவு செய்யப் போவதாகச் சொன்ன பிறகுதான் ஆள் வந்து கேபிளை மாற்றினார்கள். பணம் கேட்கவில்லை. மறுநாளே கோடு முழு மேடாக நின்றது.

அதே ஆள் கிளம்பும்போது வருடம் 3,000 ரூபாய்க்குப் பராமரிப்புச் சந்தா கட்டச் சொன்னார். பேனலைக் கழுவிவிட்டுப் போவதற்குத்தான் அந்தப் பணம். ஐந்து வருடத்துக்குப் பழுது பார்ப்பது ஏற்கெனவே அவர்கள் கடமை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலையில் வெயில் ஏறுமுன் மென்மையான துணியால் துடைப்பதை வீட்டிலேயே செய்யலாம். உப்புப் போர் தண்ணீரும் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரும் கூடாது, வெள்ளைக் கறை படிந்துவிடும்.

செயலி காட்டும் ‘மிச்சமான பணம்’ என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குள்ளும் அதே எட்டு ரூபாய் உட்கார்ந்திருக்கிறது. உண்மை தெரிய மூன்று எண்கள் வேண்டும்: இன்வெர்ட்டர் காட்டும் உற்பத்தி, நெட் மீட்டர் மாற்றி மாற்றிக் காட்டும் வாங்கிய யூனிட், கொடுத்த யூனிட். அக்கா வீட்டில் ஒரு பில் காலத்தில் உற்பத்தி 720, கொடுத்தது 430, வாங்கியது 410. வாங்கியதோடு, வீட்டிலேயே செலவான சோலார் 290ஐக் கூட்டினால் மொத்த உபயோகம் 700. சோலார் இல்லாவிட்டால் அந்த 700க்கு வந்திருக்கும் பில்லுக்கும் இப்போது கட்டிய பில்லுக்கும் உள்ள வித்தியாசம்தான் மிச்சம். செயலி 5,760 ரூபாய் என்றது. உண்மை 3,850.

ஆக, நிறுவனத்தைப் பற்றிய என் தீர்ப்பு: கொட்டேஷன் நன்று, பேனலும் ஸ்டாண்டும் நன்று, சேமிப்புக் கணக்கு மூன்றில் ஒரு பங்கு ஊதியது, சர்வீஸ் துரத்தினால்தான் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது, அவர்களிடமே போடலாம் என்றுதான் சொன்னேன். ஆனால் கொட்டேஷனில் கேபிள் அளவை எழுதி வாங்கி, குழாய்க்குள் போகும் முன் நின்று பார்த்து, நெட் மீட்டர் ஓடி முதல் பில் வரும்வரை பத்து சதவீதப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அக்கா முழுப் பணத்தையும் பேனல் ஏறிய அன்றே கொடுத்துவிட்டாள். கேபிள் மாறத் தாமதமானதற்கு அதுதான் காரணம்.